மெயிலா, போனா, வாட்ஸ்அப்பா? பதினோரு வருட மெர்ச்சண்டைசர் அனுபவம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. ஒரு பக்கம் வெளிநாட்டு பையர், மறுபக்கம் சாயப்பட்டறையும் கட்டிங்கும். எதை எதில் சொல்வது என்பதை நான் ஒரு டி-ஷர்ட் ஆர்டரில்தான் கற்றுக்கொண்டேன்.

மாலை ஏழு மணிக்கு, பையர் சார்பில் இங்கே ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் பையிங் ஹவுஸிலிருந்து போன். “கழுத்து ரிப் 2 செ.மீ. வேண்டாம், 1.5 வைங்க. மேலே பேசிட்டேன்.” சரி என்று கட்டிங்கில் சொல்லிவிட்டேன். ஐந்து வாரம் கழித்து ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் கையில், பையர் அளவெல்லாம் எழுதிக் கொடுத்த பழைய டெக் பேக். அதில் ரிப் 2 செ.மீ. என்றே இருந்தது. டேப் வைத்து அளந்தார். எடுத்த பீஸ் எல்லாம் ஃபெயில். போன் செய்தவர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். என்னிடம் இருந்த ஒரே ஆதாரம், கால் லிஸ்டில் ‘4 நிமிடம்’ என்ற வரி. விலையைக் குறைத்துத்தான் சரக்கை அனுப்ப முடிந்தது.

அதற்காகப் போனில் பேசுவதை விடவில்லை. ரிப் அளவு மாதிரி விஷயத்தை மெயிலில் கேட்டால் இரண்டு நாள் போய்விடும். போனில் நான்கு நிமிடம். ஆனால் இப்போது போனை வைத்ததும் இரண்டு வரி மெயில் போகும்: போனில் பேசியபடி நெக் ரிப் 1.5 செ.மீ., நாளை 11 மணிக்கு கட்டிங், மாற்றம் இருந்தால் அதற்குள் சொல்லவும். புது மெயிலாக அனுப்பமாட்டேன். டெக் பேக் வந்த அதே மெயிலுக்கு ‘ரிப்ளை ஆல்’. ஆர்டர் நம்பர் தலைப்பிலேயே இருக்கும், நாளைக்கு யார் அந்த நாற்காலிக்கு வந்தாலும் தேடி எடுக்கலாம். கூடவே திருத்திய டெக் பேக்கும் கேட்டு வாங்கிவிடுவேன், இன்ஸ்பெக்டர் அதைத்தானே பார்க்கப் போகிறார்.

ஷிப்மென்ட் தள்ளிப்போகிறது என்றால் மட்டும் மெயிலை முதலில் அனுப்புவதில்லை. மேலதிகாரிகள் எல்லோரும் சிசியில் இருக்கும் மெயிலில் அந்தச் செய்தியைப் பார்க்கும் பையர், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பதில் எழுதுவார். முதலில் போன். புதுத் தேதி முடிவான பிறகு மெயில்.

வாட்ஸ்அப்பில் லாரி நம்பர், பெட்டி ஏற்றிய போட்டோ, ‘கிளம்பியாச்சா?’ இவ்வளவுதான். ஒரு பையர் தரப்பில் 7 நாளில் மெசேஜ் அழியும்படி வைத்திருந்தார்கள். அவர்கள் கொடுத்த அப்ரூவலும் அதோடு போய்விட்டது. நிறத்துக்கு வாட்ஸ்அப் ஆகவே ஆகாது. ஒரே துணி என் போனில் நேவி, சூப்பர்வைசர் போனில் கறுப்பு.

சாயப்பட்டறை மாஸ்டர் அண்ணனிடம் மெயில் எடுபடாது. “அதையெல்லாம் பையன்தான் பார்ப்பான் தம்பி” என்பார். அதனால் டெலிவரி சலானில் துணித்துண்டை ஸ்டேப்ளர் அடித்து, பக்கத்தில் லாட் நம்பர் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதை அவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுவார். போட்டோவில் லாட் நம்பரை மட்டும்தான் பார்ப்பேன். நிறத்தைத் துண்டு கைக்கு வந்த பிறகு, எப்போதும் ஒரே வெளிச்சம் தரும் லைட் பாக்ஸில்.