கீறல் விழுந்த தவாவைக் காட்டிப் பயமுறுத்தி, காலித் தவாவைக் காய வைக்கச் சொன்ன கடை

கடந்த ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் வீட்டில் வளர்ந்த லவ் பேர்ட்ஸ் இரண்டும் கால் மணி நேரத்துக்குள் இறந்துபோயின. அன்று மாலை எனக்கும் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. இரண்டுக்கும் காரணம், முந்தைய நாள் மாட்டுங்காவில் ஒரு பாத்திரக் கடையில் எனக்குச் சொல்லப்பட்ட யோசனைதான். அந்தக் கடையின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் அங்கே என்ன சொன்னார்கள் என்பதை முழுமையாக எழுதுகிறேன். அதே வார்த்தைகளை வேறு கடைகளிலும் கேட்டதாகச் சில தோழிகள் பிறகு என்னிடம் சொன்னார்கள்.

எங்களிடம் நான்கு ஆண்டுகள் பழகிய நான்ஸ்டிக் தவா ஒன்று இருந்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் எவர்சில்வர் தோசைத்திருப்பியைப் பயன்படுத்தியதால் அதன் நடுவில் மெல்லிய கோடுகளாகக் கீறல்கள் விழுந்திருந்தன. உள்ளிருக்கும் அலுமினியம் எங்கும் தெரியவில்லை, பூச்சு உரியவும் இல்லை, தோசையும் ஒட்டாமல்தான் வந்தது. அதன் கைப்பிடித் திருகு தளர்ந்திருந்ததால், அதைச் சரிசெய்து வாங்கவே கடைக்குப் போனேன். தமிழிலேயே பேசிய விற்பனையாளர் கீறலின் மேல் விரலை வைத்து, "அக்கா, இந்தக் கல்லுல ஊத்தின தோசையையா பிள்ளைக்குக் குடுக்கிறீங்க? இந்தத் துகள் வயித்துக்குள்ள போனா கேன்சர் வரும்" என்றார். கைப்பேசியில் ஒரு காணொளியையும் காட்டினார். நான் பயந்துவிட்டேன். பழையதை 200 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு, 1,850 ரூபாய்க்குப் புதிய தவா ஒன்றைக் கொடுத்தார். அதில் 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நான் கிளம்பும்போது, "மொத நாள் எண்ணெய் விடாம, அடுப்பை ஃபுல்லா வச்சு அஞ்சு நிமிஷம் காய விடுங்க அக்கா, அப்பதான் கோட்டிங் இறுகும், கீறலே விழாது" என்று சொன்னார். இரும்புத் தோசைக்கல்லைப் பழக்கும்போது முதலில் காய வைப்பது என் அம்மா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் உள்ள வழக்கம் என்பதால், அவர் சொன்னது எனக்கு இயல்பாகவே பட்டது.

மறுநாள் காலை நல்ல மழை. சாரல் உள்ளே அடிக்கிறது என்று சமையலறையை ஒட்டிய பால்கனியின் கண்ணாடிகளை மூடியிருந்தேன், பறவைக் கூண்டும் அங்கேதான் தொங்கியது. புகை வரும் சமையல் எதுவும் இல்லையே என்று எக்ஸாஸ்ட் விசிறியையும் போடவில்லை. இண்டக்ஷன் அடுப்பில் தவாவை வைத்து 2,000 வாட்டில் ஓடவிட்டேன். மூன்று நிமிடம் கழிந்தபோது பிளாஸ்டிக் காய்ந்ததுபோல லேசான வாடை வந்தது. புதுப் பாத்திரம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, சொன்னபடியே ஐந்து நிமிடமும் விட்டேன். அணைத்துப் பார்த்தபோது கருப்பாக இருந்த பூச்சின் நடுப்பகுதி ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டமாகப் பழுப்பேறி, பளபளப்பு போய், ஓரிடத்தில் மட்டும் சிறு கொப்புளம்போல் எழும்பியிருந்தது. அதற்குள் கூண்டில் பச்சைப் பறவை வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, பிறகு கம்பியிலிருந்து கீழே விழுந்தது. கூண்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினேன். நீலப் பறவையும் அங்கேயே என் கண்முன்னால் சாய்ந்துவிட்டது. என் மகள் அவற்றுக்குப் பெயர் வைத்து மூன்று வருடங்கள் வளர்த்தவள்.

பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்கு நான்ஸ்டிக் பாத்திரம் எதையாவது காலியா சூடாக்கினீங்களா?" என்பதுதான். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுவதாலும், அதோடு காற்றுப் பைகளும் இருப்பதாலும், காற்றில் கலந்த எதையும் அது நம்மைவிட மிக வேகமாக உடம்புக்குள் இழுத்துவிடுகிறது. அதனால் காய்ந்த நான்ஸ்டிக் பூச்சின் ஆவி, நமக்கு ஒரு வாடையாக மட்டுமே தெரியும் அளவில் இருக்கும்போதே அதைக் கொன்றுவிடுகிறது. இதற்கு மாற்று மருந்து கிடையாது, உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோவது மட்டுமே வழி என்றும் அவர் சொன்னார்.

எனக்கு மூன்று மணிக்கு மேல் நெஞ்சு இறுகியது, வறட்டு இருமல், நடுக்கம், பிறகு 101 டிகிரி காய்ச்சல். மும்பையில் ஜூலைக் காய்ச்சல் என்றால் யாரும் முதலில் மலேரியாவையும் டெங்குவையும்தான் சந்தேகிப்பார்கள். குடும்ப மருத்துவரும் அதற்கே ரத்தப் பரிசோதனை எழுதினார். இரண்டும் இல்லை என்று முடிவு வந்த மறுநாள் மாலைக்குள் காய்ச்சல் தானாகவே விட்டிருந்தது. காலையில் நடந்ததைச் சொன்ன பிறகுதான், இதைப் பாலிமர் புகைக் காய்ச்சல் என்பார்கள் என்று விளக்கினார். புகையைச் சுவாசித்துச் சில மணி நேரம் கழித்துச் சளிக்காய்ச்சல்போல வந்து, பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும் என்பதால், பலரும் காரணத்தை அறியாமலே கடந்துவிடுகிறார்களாம். மூச்சுத் திணறல் கூடினால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றார்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து, இந்தப் பொருளைப் பற்றி முறையாகப் படித்தேன். தவாவின் கரும்பூச்சு பெரும்பாலும் பி.டி.எஃப்.இ. என்ற பாலிமர், பேச்சு வழக்கில் டெஃப்லான் என்கிறோம். எதோடும் எளிதில் வினைபுரியாதது என்பதே அதன் குணம், ஒட்டாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். கீறலிலிருந்து ஒரு துகள் உதிர்ந்து தோசையோடு வயிற்றுக்குள் போனாலும், செரிக்காமல் போன வடிவிலேயே வெளியேறிவிடும். ஜெர்மனி அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனமும், விழுங்கிய இத்தகைய துகள்களால் உடல்நலத்துக்குக் கேடில்லை என்றே சொல்லியிருக்கிறது. புற்றுநோய் என்ற பேச்சு எழுந்தது பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேறொரு வேதிப்பொருளால். பூச்சைத் தயாரிக்கும்போது துணைப்பொருளாக அதை ஒரு காலத்தில் பயன்படுத்தினார்கள். 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கீழ் உலக அளவில் அது விலக்க வேண்டிய பொருள்களில் சேர்க்கப்பட்டது. 2023-இல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே அதை வகைப்படுத்தியது. எனவே அந்தப் பொருளைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஆனால் தயாரிப்பின்போது பாத்திரம் அதிக வெப்பத்தில் சூளையில் வைக்கப்படுவதால், முடிந்த தவாவில் அது மிகச் சொற்பமாகவே மிஞ்சும், கீறலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைவிட முக்கியமாக, அந்த ஸ்டிக்கர் தயாரிப்பில் அந்தத் துணைப்பொருள் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. பூச்சு பி.டி.எஃப்.இ.-ஆக இருந்தால், காய்ந்தால் வரும் ஆவியில் ஸ்டிக்கரால் எந்த வித்தியாசமும் இல்லை. ஸ்டிக்கரைப் பார்த்து இது முற்றிலும் பாதுகாப்பானது என்று நான் நம்பியதுதான் என் வீட்டில் நடந்த தவறு.

பி.டி.எஃப்.இ. ஏறக்குறைய 260 டிகிரி செல்சியஸ் வரை நிலையாக இருக்கும். அதற்கு மேலே போகப்போகச் சிறுகச் சிறுகச் சிதையத் தொடங்கி, 350 டிகிரியைத் தாண்டினால் நச்சு ஆவி குறிப்பிடத்தக்க அளவில் வெளிவரும். தோசை ஊற்ற 200 டிகிரியை ஒட்டிய சூடே போதும், மாவில் உள்ள நீர் ஆவியாகும் வரை சூடு அதற்கு மேல் தாறுமாறாக ஏறாது. காலித் தவாவில் அந்தத் தடை இல்லை. என் தவாவை எடை போட்டேன், 780 கிராம். ஒரு கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க 0.9 ஜூல் வேண்டும் என்பதால், இந்தத் தவா ஒரு டிகிரி ஏற 700 ஜூல் போதும். 2,000 வாட் அடுப்பில் நொடிக்கு 1,600 ஜூல் தவாவுக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு இரண்டு டிகிரிக்கு மேல் ஏறும். அறைச் சூட்டிலிருந்து 330 டிகிரியை அடைய இரண்டேகால் நிமிடம், காற்றில் போகும் வெப்பத்தையும் கணக்கில் சேர்த்தால் ஏறக்குறைய மூன்று நிமிடம். எனக்கு வாடை வந்தது மூன்றாவது நிமிடத்தில்தான். அடுப்பு தானாக நின்றுவிடும் என்பதை நம்பியும் இருக்க முடியாது. சூட்டை உணரும் கருவி கண்ணாடிக்குக் கீழே இருப்பதால், தவா காய்ந்த பிறகுதான் அதற்குத் தெரியும். கேஸ் அடுப்பில் பெரிய பர்னரை முழுதாகத் திறந்தாலும் இதே நிலைதான், சற்றுத் தாமதமாக வரும், அவ்வளவே.

இரும்புக் கல்லைப் பழக்குவது வேறு விஷயம். அங்கே எண்ணெயைச் சூட்டில் இறுக வைத்து நாமே ஒரு படலத்தை உண்டாக்குகிறோம். நான்ஸ்டிக்கில் அந்த வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது, வீட்டில் இறுக்குவதற்கு எதுவும் இல்லை. கழுவித் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெயைத் தடவிவிட்டால் போதும்.

எண்ணெயைத் தடவிய பிறகே அடுப்பைப் பற்றவைக்கும் பழக்கம் நம்மைக் காப்பாற்றவும் செய்யும். பெரும்பாலான சமையல் எண்ணெய்கள் 260 டிகிரிக்கு முன்பே புகையத் தொடங்கிவிடும். தவாவில் எண்ணெய் புகைந்தால் சூடு அதிகம் என்று தெரிந்துவிடுகிறது, வெறும் தவா எந்த அறிகுறியும் காட்டாது. நான் இப்போது சிறு தீயில்தான் வைக்கிறேன், மாவுக் கரண்டி கையில் தயாராக இருக்கும்போதே தவாவை ஏற்றுகிறேன். அலுமினியம் தெரியும் அளவுக்குத் தேய்ந்தாலோ, பூச்சு தாளாக உரிந்தாலோ, கொப்புளம் வந்தாலோ மட்டுமே மாற்ற வேண்டும். அப்போது உணவு ஒட்டுவதோடு, புளி, தக்காளி போன்றவை அலுமினியத்தைச் சிறிதளவு கரைக்கவும் செய்யும். மெல்லிய கோடுகளுக்காக நான்கு ஆண்டுகள் ஒழுங்காக உழைத்த தவாவைத் தூக்கியெறியத் தேவையே இருந்ததில்லை.

கடைக்குத் திரும்பிப் போனபோது அதே விற்பனையாளர், "முழுச் சூட்டில் வைத்தது உங்கள் தவறு, பெட்டியில் எழுதியிருக்கிறதே" என்று ஆங்கிலத்தில் பொடியெழுத்தில் அச்சிட்ட சீட்டை எடுத்துக் காட்டினார். அதில் 'காலியாகச் சூடாக்க வேண்டாம்' என்று உண்மையிலேயே இருந்தது. அதைத் தெரிந்துவைத்திருந்தவர்தான் நேர்மாறாகச் சொல்லியிருக்கிறார். பழைய தவாவை ஏற்கனவே பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்களாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன், ரசீதையும் பழுப்பேறிய தவாவின் படங்களையும் வைத்திருக்கிறேன். பாதி விலையைத் திருப்பித் தருவதாகக் கடையிலிருந்து ஒருவர் அழைத்தார். பணம் இருக்கட்டும், காலியாகக் காய வைக்கச் சொல்வதை நிறுத்துவீர்களா என்று கேட்டேன், யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார். பத்து நாளாகிறது, இன்னும் அழைக்கவில்லை.