டயரா, கூரைச் சுமையா, வேகமா? சீரான வேகத்தில் காரின் சக்தியை எது அதிகம் மிச்சப்படுத்தும்

88 குதிரைத்திறன் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் ஒரு சின்ன செடான், காற்றில்லாத சமதளச் சாலையில் 90 கி.மீ. வேகத்தில் சீராக ஓடும்போது அதன் சக்கரங்களுக்குத் தேவைப்படுவது சுமார் 12 குதிரைத்திறன்தான். மிச்சமெல்லாம் வேகம் எடுக்கவும், மேடு ஏறவும், லாரியை முந்தவும் கையிருப்பாக இருப்பவை. அந்த 12-ஐ எப்படிக் குறைப்பது என்பதுதான் கேள்வி. மூன்று வழிகள் அடிக்கடி காதில் விழும்: நல்ல டயர் போடுங்கள், கூரையில் சாமான் கட்டாதீர்கள், மெதுவாகப் போங்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் எந்த வேகத்தில் எது எவ்வளவு என்று பார்க்காமல் சொல்வதால், ஊருக்குள்ளேயே ஓடும் காருக்கும் நாற்கரச் சாலையில் ஓடும் காருக்கும் ஒரே அறிவுரை போய்ச் சேருகிறது. அதைப் பிரித்துக் காட்டத்தான் இந்த அலசல்.

கணக்கு இரண்டே வரி:

```
F = Crr·m·g + ½·ρ·Cd·A·v²
P = F·v
```

F என்பது காரைப் பின்னுக்கு இழுக்கும் மொத்தத் தடை. முதல் பகுதி டயர் உருளும்போது வரும் தடை. காரின் எடையை (m·g) Crr என்ற டயரின் குணகத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். இரண்டாவது பகுதி காற்றுத் தடை. ρ காற்றின் அடர்த்தி, Cd காரின் வடிவத்தைப் பொறுத்த எண், A முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு, v வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற கணக்கில் வேகம். தடையை வேகத்தால் பெருக்கினால் P, அதாவது தேவைப்படும் சக்தி.

நம் செடானுக்கு எண்களை வைப்போம். ஆட்களோடு எடை 1250 கிலோ, Crr 0.010, Cd 0.30, பரப்பு 2.2 சதுர மீட்டர். காற்றின் அடர்த்திக்குப் பலரும் 1.2 என்று போடுவார்கள். நம் ஊர் 35 டிகிரி வெயிலில் காற்று லேசாகிவிடும் என்பதால் நான் 1.15 எடுத்துக்கொள்கிறேன். டயர் தடை 123 நியூட்டன். நாம் பார்க்கப்போகும் வேகங்களில் இது பெரிதாக மாறாது. காற்றுத் தடையோ 36 கி.மீ. வேகத்தில் வெறும் 38 நியூட்டன், 90-ல் 237, 108-ல் 342. இரண்டும் சமமாகும் வேகம் இந்தக் காருக்கு ஏறக்குறைய 65 கி.மீ. அதற்குக் கீழே டயரின் ராஜ்ஜியம், அதற்கு மேலே காற்றின் ராஜ்ஜியம்.

ஒப்பிட வசதியாக இன்னொரு மாற்றம் செய்துகொள்வோம். 36 நியூட்டன் தடையை எதிர்த்து 100 கி.மீ. ஓட்டினால் செலவாகும் ஆற்றல் சரியாக 1 யூனிட், கரண்ட் பில்லில் வருமே அதே யூனிட். ஆக 90 கி.மீ. வேகத்தில் மொத்தத் தடை 360 நியூட்டன் என்றால், 100 கி.மீ. தூரத்துக்குச் சக்கரத்தில் 10 யூனிட். பெட்ரோல் லிட்டருக்கு 9 யூனிட் அளவுக்கு ஆற்றல் இருந்தாலும் அதில் கால்வாசியோ அதற்குக் கொஞ்சம் மேலேயோதான் சக்கரத்துக்கு வருகிறது. அதனால்தான் இந்தக் கார் லிட்டருக்கு 22, 23 கி.மீ. என்று நிற்கிறது.

இப்போது மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

| | 36 கி.மீ. | 90 கி.மீ. | 108 கி.மீ. |
|---|---|---|---|
| மொத்தத் தடை (நியூட்டன்) | 161 | 360 | 465 |
| நல்ல டயர் போட்டால் குறைவது | 25 | 25 | 25 |
| கூரையில் சாமான் கட்டினால் கூடுவது | 10 | 59 | 85 |

டயரை முதலில் எடுத்துக்கொள்வோம். உருளும் டயர் தரையில் படும் இடத்தில் நசுங்கி, நகர்ந்ததும் மறுபடி நிமிர்கிறது. நசுக்கும்போது கொடுத்த ஆற்றலை ரப்பர் முழுசாகத் திருப்பித் தருவதில்லை, கொஞ்சத்தைச் சூடாக வைத்துக்கொள்கிறது. டயர் தடையில் பெரும்பங்கு இதுதான். Crr 0.010 உள்ள டயரை மாற்றி 0.008 உள்ளதைப் போட்டால் எந்த வேகத்திலும் அதே 25 நியூட்டன் குறையும். 36 கி.மீ. வேகத்தில் அது மொத்தத் தடையில் 15 சதவீதம், 108-ல் 5 சதவீதம். ஐரோப்பிய டயர் லேபிளில் 0.008 என்பது C வகுப்பில் வரும். A வகுப்பு 0.0065-க்குள் இருக்க வேண்டும். அதே லேபிளில் ஈரச் சாலையில் பிடிமானம் எப்படி என்றும் தனியாகப் போட்டிருப்பார்கள், அதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மழையில் பிரேக் பிடிக்காத டயர் மிச்சப்படுத்தும் பெட்ரோல் எனக்கு வேண்டாம். புது டயர் வாங்கும் நேரம் வரவில்லை என்றால் இருக்கிற டயரில் காற்றைச் சரியாக வையுங்கள். 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தால் டயர் தடை பத்து சதவீதம் அளவுக்குக் கூடிவிடும், அதாவது ஒரு டஜன் நியூட்டன். கடைக்காரர் விற்கும் மேம்பாட்டில் பாதியைக் காற்றுப் பம்பிலேயே இழந்துவிடலாம்.

அடுத்தது கூரை. ஒரு குடும்பம் 60 கிலோ சாமானோடு ஊருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை டிக்கியில் வைத்தால் எடையால் கூடும் தடை 6 நியூட்டன்தான். அதே சாமானைக் கேரியரில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டினால் அந்த 6 அப்படியே இருக்கும், கூடவே காற்றுத் தடையும் ஏறும். எவ்வளவு ஏறும் என்பது மூட்டையின் வடிவத்தைப் பொறுத்தது. பட்டியலில் நான் 25 சதவீதம் என்று எடுத்திருக்கிறேன். அப்படியானால் 90 கி.மீ. வேகத்தில் 59 நியூட்டன் கூடும், டயரில் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எடையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் மூட்டையின் உயரத்தைப் பற்றி ஏனோ யோசிப்பதில்லை. ஆனால் அதே மூட்டையோடு ஊருக்குள் 36 கி.மீ. வேகத்தில் போனால் கூடுவது 10 நியூட்டன்தான், கண்டுகொள்ள வேண்டியதில்லை.

மூன்றாவது, வேகம். 108-லிருந்து 90-க்கு இறங்கினால் தேவைப்படும் சக்தி 13.9 கிலோவாட்டிலிருந்து 9 கிலோவாட்டாகிறது, 35 சதவீதம் குறைவு. இந்த எண்ணை அப்படியே மைலேஜ் கணக்கில் போடுவது பலரும் செய்யும் பிழை. மெதுவாகப் போனால் அதே தூரத்துக்கு நேரம் அதிகம் ஆகும். கிலோமீட்டருக்கான செலவைத் தீர்மானிப்பது தடைதான். அது 465-லிருந்து 360-க்கு, அதாவது 23 சதவீதம் குறைகிறது. 100 கி.மீ. தூரத்துக்கு 2.9 யூனிட் மிச்சம். டயர் தந்தது 0.7, கூரையைக் காலி செய்தால் 90-ல் கிடைப்பது 1.6. விலை என்னவென்றால் 100 கி.மீ. பயணத்தில் 11 நிமிடம். நெடுஞ்சாலையில் எனக்கு இதில் தயக்கமே இல்லை: முதலில் வேகம், அப்புறம் கூரை, டயர் கடைசி. நாள் முழுக்க ஊருக்குள் சுற்றும் கால் டாக்சிக்கு வரிசை தலைகீழ். அங்கே டயர்தான் முதலில்.

ஊருக்குள் இன்னொரு போட்டியாளரும் உண்டு. நல்ல வெயிலில் ஏசி ஒன்றரை கிலோவாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 36 கி.மீ. வேகத்தில் அது 150 நியூட்டன் தடைக்குச் சமம், காரை ஓட்டவே தேவைப்படும் 161-க்கு ஏறத்தாழ ஈடு. 108-ல் அதே ஏசி 50 நியூட்டன்தான். நெரிசலில் மின்சாரக் காரின் ரேஞ்ச் எதிர்பார்த்த அளவுக்குக் கூடாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இந்தச் சதவீதங்கள் மின்சாரக் காருக்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். பெட்ரோல் காருக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்க்க வேண்டும். சுமை குறையக் குறைய இன்ஜினின் செயல்திறனும் இறங்குவதால், தடை 15 சதவீதம் குறைந்தாலும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது.

காற்று வீசினால் கணக்கு இன்னும் மாறும். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே காற்றாலைகள் நிற்காமல் சுழலும். எதிர்க்காற்று 18 கி.மீ. என்று வைத்தாலே, 90-ல் போகும் கார் 108-க்கான காற்றைச் சந்திக்கிறது. தடை 465 நியூட்டன், ஸ்பீடோமீட்டர் 90 காட்டினாலும் கிலோமீட்டருக்கான செலவு 108-க்கானது. சக்தி மட்டும் அவ்வளவு ஏறாது, 11.6 கிலோவாட்டில் நிற்கும், ஏனென்றால் தடையைப் பெருக்க வேண்டியது தரை வேகத்தால். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் தடை 275-ஆகக் குறையும். போக வர சராசரி 370, அமைதியான நாளின் 360-ஐ விட அதிகம். காற்று வாங்கியதை முழுசாகத் திருப்பித் தராது.

உங்கள் காரின் எண்களை நீங்களே எடுக்கலாம். காற்றில்லாத அதிகாலை, சமமான வெறிச்சோடிய சாலை, பக்கத்தில் நேரம் பார்க்க ஒருவர். இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலுக்கு மாற்றுங்கள், அணைத்தால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். ஜி.பி.எஸ். வேகம் 95-லிருந்து 85-க்கு இறங்க எத்தனை வினாடி, 41-லிருந்து 31-க்கு இறங்க எத்தனை வினாடி என்று குறியுங்கள். நம் செடானுக்கு 9.6, 21.6 வினாடி வரும். 10 கி.மீ. என்பது வினாடிக்கு 2.78 மீட்டர். அதை நேரத்தால் வகுத்து எடையால் பெருக்கினால் தடை 362, 161 நியூட்டன். வேகத்தோடு மாறியது காற்றுத் தடை மட்டுமே என்பதால், 201 என்ற வித்தியாசத்தை வேக வர்க்கங்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். நடு வேகங்களான 90, 36 கி.மீ. என்பவை வினாடிக்கு 25, 10 மீட்டர், ஆக 625 − 100 = 525. வகுத்தால் 0.383. அதை 100-ஆல் பெருக்கினால் 36 கி.மீ. வேகத்தில் காற்றுத் தடை 38. மிச்சம் 123 டயருடையது. சக்கரங்களின் சுழற்சியையும் சேர்த்தால் எண்கள் சில சதவீதம் கூடும்.

இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுப்பது கட்டாயம். 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் கண்ணுக்கே தெரியாது, ஆனால் அது 123 நியூட்டன், முழு டயர் தடையும் இன்னொரு மடங்கு வந்தது போல. சராசரி எடுத்த பிறகும் டயர் பங்கு 180, 200 என்று வந்தால் முதலில் காற்றழுத்தத்தைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் சந்தேகம் பிரேக் மேல். பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு ரிம்களின் பக்கத்திலும் கையைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பேட் டிஸ்க்கை விட்டு விலகவில்லை. ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தால் அது இறுக்கமாகச் சுற்றும்.