ஒரே எக்ஸ்பைரி, ஏழு விலைகள்: சேபரா, எஸ்விஐயா?

ஒரு மாத ஆப்ஷன் எக்ஸ்பைரியில் நம்பத்தக்க விலை ஏழு ஸ்ட்ரைக்குகளுக்குத்தான் இருக்கிறது, அவற்றின் வாலடிலிட்டி ஸ்மைலுக்கு சேபர், எஸ்விஐ என்ற இரண்டு மாடல்களில் ஒன்றைப் பொருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சேபரில் பீட்டாவை முன்கூட்டியே ஒரு மதிப்பில் நிறுத்திவிட்டால் (ஒரே எக்ஸ்பைரியில் அதையும் ரோவையும் பிரித்தறிவது கடினம், இரண்டுமே சாய்வைத்தான் மாற்றுகின்றன) மிச்சம் மூன்று அளவுருக்கள். எஸ்விஐக்கு ஐந்து:

```
w(k) = a + b*(rho*(k-m) + sqrt((k-m)^2 + sigma^2))
```

இங்கே k என்பது log(K/F), w என்பது வாலடிலிட்டியின் வர்க்கத்தைக் காலத்தால் பெருக்கியது. ஏழு புள்ளிக்கு ஐந்து அளவுரு என்றால் பிழை சின்னதாக வருவதில் ஆச்சரியமே இல்லை, அதனால் நான் சராசரிப் பிழையை நம்புவதில்லை. ஒவ்வொரு ஸ்ட்ரைக்கிலும் மாடலின் வாலடிலிட்டி பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் நடுவே விழுகிறதா என்று பார்ப்பேன். அந்த இடைவெளி 0.4 புள்ளி, தூரத்து புட்டில் சேபர் நடுவிலிருந்து 0.3 தள்ளி நிற்கிறது என்றால் அது வெளியேதான். எஸ்விஐ 0.1-க்குள் வந்துவிட்டது.

சரி, எஸ்விஐ ஜெயித்ததா? அந்த புட்டை எடுத்துவிட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள். சேபர் அதிகம் அசையாமல் இருக்க, எஸ்விஐயின் m-உம் sigma-வும் எங்கோ ஓடினால், அது பொருந்தியது ஸ்மைலுக்கு அல்ல, அந்த ஒரே விலைக்கு. இருபது விலை இருந்தால் எஸ்விஐதான் எடுப்பேன், ஏழுக்கு மாட்டேன்.

அப்புறம், எதை எடுத்தாலும் சம இடைவெளியுள்ள நெருக்கமான ஸ்ட்ரைக்குகளில் கால் விலைகளின் இரண்டாம் வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். எங்காவது அது மைனஸில் போனால் அங்கே பட்டர்ஃபிளை ஆர்பிட்ராஜ் இருக்கிறது. சேபரின் தோராயச் சூத்திரம் மிகக் குறைந்த ஸ்ட்ரைக்குகளில் இப்படிச் சறுக்கும்.