வாட்டை மட்டும் கூட்டி சோலார் விற்பவர்களிடம் உஷார்

ஈபி லைன் இல்லாத தோட்டத்து வீட்டுக்கு சோலார் போட்டோம். ராத்திரி மூணு மணிக்கு இன்வெர்ட்டர் 'பீப் பீப்' என்று கத்திவிட்டு அணைந்துவிடுகிறது, ஃபேன் நிற்கிறது. போட்டுக்கொடுத்தவரைக் கூப்பிட்டால் "லோடு ஜாஸ்தி சார், இன்னும் ரெண்டு பேட்டரி வாங்குங்க" என்கிறார். வீட்டில் புதிதாக ஒரு பல்பு கூட சேரவில்லை!

அவர் தந்த கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். மூன்று ஃபேன் 225, ஆறு பல்பு 54, டிவி 60, ஃபிரிட்ஜ் 150, மிக்ஸி 750, ஒரு ஹெச்பி மோட்டார் 1000, ஆக மொத்தம் 2239 வாட். அதனால் 3 கிலோவாட் இன்வெர்ட்டர், 1 கிலோவாட் பேனல், 12 வோல்ட் 150 ஏஹெச் பேட்டரி இரண்டு. எது எத்தனை மணி நேரம் ஓடும் என்ற கேள்வியே அதில் இல்லை. வாட்டைக் கூட்டினால் இன்வெர்ட்டர் சைஸ்தான் தெரியும், பேட்டரிக்கும் பேனலுக்கும் மணி நேரத்தால் பெருக்க வேண்டும்.

பெருக்கினால் கதையே மாறுகிறது. 750 வாட் மிக்ஸி பத்து நிமிஷம்தான் ஓடும், அது 125 வாட்-மணி. அரை மணி நேர மோட்டார் 500. சாதுவாகத் தெரியும் 75 வாட் ஃபேன்தான் ஆளை விழுங்குகிறது: ராத்திரி இரண்டு, பத்து மணி நேரம், 1500. பகலில் ஒன்று எட்டு மணி நேரம், 600. பல்பு ஐந்து மணி நேரத்துக்கு 270, டிவி நான்கு மணி நேரத்துக்கு 240. ஃபிரிட்ஜை 150 x 24 என்று பெருக்கி 3600 ஆக்கி, பெரிய சிஸ்டமாகத் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. கம்ப்ரஸர் விட்டுவிட்டுத்தான் ஓடும், ஸ்டார் லேபிளில் இருக்கும் வருஷ யூனிட்டை 365 ஆல் வகுத்தால் போதும். எங்களுடையது சுமார் 220 யூனிட், ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்-மணி, அதாவது ஒரு நாளைக்கு 600.

மொத்தம் 3835. அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று, இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே கரண்ட் தின்னும். 30 வாட் என்று வைத்தாலும் நாளுக்கு 720. ஆக நான்கரை யூனிட் தேவை, 1 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் தருவதே நான்கு யூனிட் போலத்தான்.

இனி ராத்திரிக் கணக்கு. ஃபேன், பல்பு, டிவி, பதினாலு மணி நேரத்துக்கு ஃபிரிட்ஜ் 350, இன்வெர்ட்டர் 420, எல்லாம் சேர்ந்து 2780. 12 வோல்ட் பேட்டரி இரண்டும் சேர்ந்து 24 வோல்ட், அதில் இருப்பது 24 x 150 = 3600தான், லெட் ஆசிட் என்பதால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு போய்விடும். கைக்குக் கிடைப்பது 1800. மூணு மணிக்கு அணையாமல் என்ன செய்யும்?

பேட்டரி வாங்கவில்லை. ராத்திரி ஓடும் இரண்டு ஃபேனையும் கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றியதில் 900 குறைந்து 1880க்கு வந்தது, இப்போது கிட்டத்தட்ட விடியும்வரை தாங்குகிறது. பேனல் நல்ல வெயிலில்கூட மட்டுமட்டாகத்தான் இருக்கிறது, மழை மூட்டமான நாளில் மோட்டாரைப் போடுவதில்லை. கொட்டேஷனில் 'மணி நேரம்' என்று ஒரு கட்டம் இல்லையென்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.