பில்லுக்கு பில் பார்க்கும் கிளெய்ம் ஷீட்டும், நாள் கணக்கு பார்க்கும் கிளெய்ம் ஷீட்டும்

நான் வேலை பார்ப்பது கோவையில் பம்ப்செட் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில். சர்வீஸ் இன்ஜினியர்களும் விற்பனைப் பிரிவினரும் வெளியூர் போய் வந்து போடும் செலவு கிளெய்ம்கள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். அதற்காக எக்செல்லில் ஒரு கிளெய்ம் ஷீட் வைத்திருக்கிறோம். தங்கும் செலவு, லோக்கல் போக்குவரத்து, இதரச் செலவு என்று வகைக்கு ஒரு வரம்பு உண்டு. சாப்பாட்டுக்கு பில் கேட்பதில்லை, டி.ஏ. கொடுத்துவிடுவோம். வரம்பைத் தாண்டிய தொகையை ஷீட்டே சிவப்பில் காட்டும். சில வருடங்களாக இதே ஷீட்டைத்தான் திருத்தித் திருத்தி ஓட்டுகிறோம். இப்படி ஒன்றைச் செய்ய நினைப்பவர்களுக்காக, எது உதவியது, எது காலை வாரியது என்று எழுதுகிறேன்.

முதலில் இருந்த ஷீட் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பார்த்தது. வரியில் உள்ள தொகை வரம்பைவிட அதிகமா? ஆமென்றால் சிவப்பு, அவ்வளவுதான். நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் டெம்ப்ளேட்களில் நான் பார்த்தவையும் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. ஆனால் கம்பெனி பாலிசியில் வரம்பு ‘ஒரு நாளைக்கு’ என்றுதான் இருக்கும், ‘ஒரு பில்லுக்கு’ என்று இருக்காது. இந்த இடைவெளியில்தான் பணம் போகிறது. யாரும் ஏமாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. ஆட்டோவில் மூன்று முறை போனால் மூன்று வரி வரும், அது இயல்பு.

ஒரு கிளெய்மை எடுத்துக்கொள்வோம். எங்கள் பாலிசிப்படி பெங்களூரு, சென்னை, ஹைதராபாத் போன்ற முதல் வகுப்பு ஊர்களில் தங்கும் வரம்பு ஒரு இரவுக்கு ஜி.எஸ்.டி. நீங்கலாக 2,500 ரூபாய், லோக்கல் போக்குவரத்து ஒரு நாளைக்கு 600, டி.ஏ. 500. ஒரு சர்வீஸ் இன்ஜினியர் ஞாயிறு இரவு 10:30 மணி பஸ்ஸில் பெங்களூரு கிளம்புகிறார். திங்கள் காலை லாட்ஜில் இறங்குகிறார். சீக்கிரம் ரூம் கொடுத்ததற்கு 600 ரூபாய் தனி பில், அன்றைய இரவுக்கு 2,400 ரூபாய் பில். இரண்டுக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 3,150. திங்கள்கிழமை ஆட்டோ 180, 240, 260. செவ்வாய்க்கிழமை 320. பஸ் டிக்கெட் போக வர 2,200. செவ்வாய் இரவு கிளம்பி புதன் விடிகாலை 5:30-க்கு கோவை வந்துவிடுகிறார்.

வரிக்கு வரி பார்க்கும் ஷீட்டில் இந்த கிளெய்மில் ஒரு சிவப்புகூட விழாது. 2,400-உம் 2,500-க்குள், 600-உம் 2,500-க்குள், எந்த ஆட்டோவும் 600-ஐத் தொடவில்லை. நாள் கணக்கில் கூட்டினால் கதை வேறு. தங்கும் செலவு 3,000, அதில் 500 அதிகம். திங்கள்கிழமை ஆட்டோ 680, அதில் 80 அதிகம்.

இதைப் பிடிக்க, ஓடும் கூட்டுத்தொகை போட்டோம். எல்லோருடைய கிளெய்மும் ஒரே பட்டியலில் இருக்கும். B-யில் ஊழியர் எண், C-யில் தேதி, D-யில் வகை, F-இல் ஜி.எஸ்.டி. நீங்கலான தொகை, G-யில் அன்றைய வரம்பு, H-இல் அதிகப்படி. H2-இல் இது:

```
=MAX(0,SUMIFS(F$2:F2,B$2:B2,B2,C$2:C2,C2,D$2:D2,D2)-G2)
 -SUMIFS(H$1:H1,B$1:B1,B2,C$1:C1,C2,D$1:D1,D2)
```

அதே ஆள், அதே தேதி, அதே வகைக்கு இந்த வரி வரைக்கும் வந்த மொத்தத்தில் வரம்பைக் கழித்து, மேலே ஏற்கெனவே காட்டிய அதிகப்படியையும் கழித்துவிடுகிறது. அதனால் ஒரே அதிகப்படி இரண்டு முறை விழாது. முதல் இரண்டு ஆட்டோவுக்கும் பூஜ்யம், மூன்றாவதற்கு 80. ஒரே நாளின் பில்களை இரண்டு கிளெய்மாகப் பிரித்துப் போட்டாலும் பிடிபடும், ஏனென்றால் பட்டியல் ஒன்றுதான். ஆளுக்கு ஒரு ஃபைல் வைத்து, கிளெய்முக்கு ஒரு ஷீட் போட்டால் இது நடக்காது. ஆயிரக்கணக்கில் வரிகள் சேர்ந்தால் ஃபைல் மெதுவாகும், அதனால் நிதியாண்டுக்கு ஒரு ஃபைல் போதும்.

இதில் ஒரு சங்கடம் வந்தது. சிவப்பு விழுவது கடைசி ஆட்டோ மேல். “அந்த ஆட்டோதானே சார் கஸ்டமர் இடத்துக்குப் போனது, அதை ஏன் வெட்டுறீங்க?” என்று சண்டைக்கு வருவார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான், அந்த பில்லில் தவறு எதுவும் இல்லை. பக்கத்திலேயே காரணம் என்று ஒரு கட்டம் சேர்த்து, ‘நாள் மொத்தம் 680, வரம்பு 600’ என்று எழுத்தில் வரவைத்த பிறகு பேச்சு குறைந்தது. எழுத்தில் இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. வேறு ஷீட்டிலிருந்து வரிகளை வெட்டி ஒட்டும்போது கண்டிஷனல் ஃபார்மேட்டிங் விதிகள் துண்டு துண்டாகச் சிதறி, நாளடைவில் சில வரிகளுக்கு நிறமே வராமல் போகும். கருப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தாலும் சிவப்பு தெரியாது. எழுத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஜி.எஸ்.டி.-யையும் சொல்லிவிடுகிறேன். வரம்பு வரி நீங்கலாக என்றால், அதிகப்படி 500-க்கு உண்டான வரி 25 ரூபாய் யாருடையது? ஊழியருடையது என்று எங்கள் மேனேஜர் முடிவு செய்தார். கர்நாடக லாட்ஜ் போடும் வரி அந்த மாநிலத்து வரி, தமிழ்நாட்டுப் பதிவை வைத்து நாங்கள் அதில் கிரெடிட் எடுக்க முடியாது, அது முழுக்க கம்பெனி செலவு. ஆக தங்கும் செலவில் வெட்டு 525. வரி சதவீதத்தை மட்டும் ஃபார்முலாவுக்குள் எழுதி வைக்காதீர்கள். 7,500 ரூபாய் வரையிலான ரூம்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் 5 ஆனபோது, உள்ளே 1.12 என்று எழுதியிருந்த ஷீட்கள் எல்லாம் தப்புக் கணக்கு காட்டியிருக்கும். பில்லில் உள்ள வரித் தொகையைத் தனிக் கட்டத்தில் அடித்துவிடுவதுதான் நல்லது.

டி.ஏ.-தான் இந்த ஷீட்டில் அதிகம் வாதாட வைத்த விஷயம். எங்கள் விதி: 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் இல்லை, 6 முதல் 12 வரை பாதி, 12-க்கு மேல் முழுசு. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எதை நாள் என்று எண்ணுவது? காலண்டர் நாளாகப் பார்த்தால் நம்ம இன்ஜினியருக்கு ஞாயிறு ஒன்றரை மணி நேரம், எதுவும் இல்லை. திங்கள், செவ்வாய் முழுசு. புதன் ஐந்தரை மணி நேரம், அதுவும் இல்லை. மொத்தம் 1,000 ரூபாய். கிளம்பிய நேரத்திலிருந்து 24 மணி நேரமாக எண்ணினால் 55 மணி நேரம், அதாவது இரண்டு நாளும் ஏழு மணி நேரமும். 1,250 ரூபாய். பாலிசியில் ‘கிளம்பியது முதல் திரும்பியது வரை’ என்று மட்டும் இருந்தது, பழைய ஷீட்டோ காலண்டர் நாளாக எண்ணியது. ராத்திரி பஸ்ஸில் போகிறவர்களுக்குத்தான் இதில் நஷ்டம், அதாவது லாட்ஜ் வாடகையை மிச்சப்படுத்திக் கொடுக்கிறவர்களுக்கு! இப்போது 24 மணி நேரக் கணக்குதான், பாலிசியிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். கிளம்பிய தேதியும் நேரமும் ஒரே கட்டத்தில் இருக்க வேண்டும். நேரம் மட்டும் இருந்தால் 5:30-லிருந்து 22:30-ஐக் கழிக்கும்போது விடை மைனஸில் போய், கட்டம் முழுக்க ##### என்று நிற்கும்.

ஆக இந்த கிளெய்மில் கேட்டது 7,600, பாலிசிப்படி 6,995, அதிகப்படி 605. ஷீட் இந்த 605-ஐத் தானாகக் கழிப்பதில்லை. கேட்டது, அனுமதிப்பது, அதிகப்படி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிட்டு மேனேஜர் முடிவுக்கு ஒரு கட்டம் விடுகிறது. காலை எட்டு மணிக்கே கஸ்டமர் இடத்தில் நிற்க வேண்டியிருந்தால் சீக்கிரம் ரூம் எடுத்தது நியாயம்தானே, அதை ஷீட் எப்படி அறியும்?

அதிகப்படி விழுந்தால் ஷீட் சத்தம் போடுகிறது, சண்டையும் வருகிறது, சரியாகிவிடுகிறது. ஆபத்து, விழ வேண்டிய இடத்தில் விழாமல் போவதுதான். ஊர் பெயரை வைத்து வகுப்பைத் தேடும் VLOOKUP-இல் கடைசியில் FALSE போடாமல் விட்டால், பட்டியலில் இல்லாத ஊருக்கு ஆங்கில அகரவரிசையில் அதற்கு முன்னால் இருக்கும் ஊரின் வகுப்பை எடுத்துக்கொள்ளும். சித்தூர் பட்டியலில் இல்லையென்றால் அதற்கு முன்னால் நிற்பது சென்னை. சித்தூர் லாட்ஜுக்குச் சென்னை வரம்பு கிடைக்கும், யார் வந்து புகார் சொல்லப்போகிறார்கள்? FALSE போட்டால் #N/A வரும், நீங்களும் ஊரைப் பட்டியலில் சேர்ப்பீர்கள். அதுதான் வேண்டும்.

தேதியிலும் இதே கதை. ஏப்ரல் 1 முதல் தங்கும் வரம்பு 2,200-லிருந்து 2,500 ஆனது என்று வையுங்கள். வரம்புப் பட்டியலில் ‘எந்தத் தேதி முதல்’ என்ற கட்டம் இருந்தால் பழைய கிளெய்முக்குப் பழைய வரம்பும் புதியதற்குப் புதியதும் வரும். ஆனால் லேப்டாப்பின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 03/04 என்று அடித்த ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். வரம்பும் 2,200-க்கு இறங்கி, தேவையில்லாமல் சிவப்பு விழும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 12-க்கு மேற்பட்ட நாள்களை அந்த லேப்டாப் தேதியாகவே ஏற்காது, எழுத்தாக நினைத்து கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி வைக்கும். ஒருவருடைய தேதிகளில் சில இடதுபுறமும் சில வலதுபுறமும் நின்றால், வலதுபுறம் நிற்பவை எல்லாம் மாறிப்போன தேதிகளாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். இப்போது நாங்கள் 03-Apr-2025 என்றுதான் அடிக்கச் சொல்கிறோம்.

இதற்கெல்லாம் பிறகும் ஷீட்டால் முடியாதவை உண்டு. லாட்ஜில் அதிகமானதை ‘இதரச் செலவு’ என்று மாற்றி எழுதினால் தெரியாது, பில்லைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம், வரம்புப் பட்டியலை யார் எப்போது மாற்றினார்கள் என்பதை எங்கள் ஃபைலில் கண்டுபிடிக்க முடியாது. ஷீட்டுக்குப் போடும் பாஸ்வேர்டு கைதவறி அழிப்பதைத் தடுக்குமே தவிர, வேண்டுமென்றே மாற்றுகிறவரைத் தடுக்காது. அதனால் வரம்புப் பட்டியலின் பிரிண்ட் ஒன்று மேனேஜர் கையெழுத்தோடு வவுச்சர் ஃபைலில் இருக்கிறது. மாதக் கடைசியில் ஷீட்டில் உள்ள வரம்புகளை அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பணம் போகும்.