வாடகையா, பங்கா, உத்தரவாதமா? ராக் இரவுக்கு இடம் கேட்டு ஒரு மெயில்

கல்லூரி இசைக் குழுவில் இருந்த மூன்று வருடமும் நன்கொடை திரட்டும் ராக் இரவுகளுக்கு இடம் கேட்டு மெயில் எழுதுவது என் வேலை. முதல் வருடம் எழுதியவற்றில் பாதி வரை 'நல்ல காரியம்' புராணம்தான் இருக்கும். இடத்துக்காரர் தேடுவது ஒன்றே ஒன்று: அன்றைக்குக் கல்லாவில் என்ன விழும்? அதற்குப் பதில் சொல்ல மூன்று வழி உண்டு. ஒரு கற்பனைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

சென்னையில் 150 பேர் நிற்கக்கூடிய ஒரு கஃபே. டிக்கெட் 300 ரூபாய். ஸ்பீக்கர், டிரம்ஸ், ஆம்ப், சவுண்ட் இன்ஜினியர் எல்லாம் சேர்த்து வாடகை 18,000. வருகிறவர் சாப்பாட்டுக்கும் ஜூஸுக்கும் சராசரியாக 250 செலவழிப்பார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வழியில் இடத்துக்கு ஒரே தொகையாக 25,000 வாடகை. இரண்டாவதில் டிக்கெட் வசூலில் எங்களுக்கு 70, அவர்களுக்கு 30. மூன்றாவதில் வாடகையே கிடையாது, டிக்கெட் பணம் முழுதும் நமக்கு. ஆனால் கஃபேயின் அன்றைய சாப்பாட்டு விற்பனை 30,000-க்குக் குறைந்தால் குறைவதை நாம் கட்ட வேண்டும். நன்கொடைக்கு மிஞ்சுவது இவ்வளவு:

| | 80 பேர் வந்தால் | 140 பேர் வந்தால் |
|---|---|---|
| வாடகை | 19,000 நஷ்டம் | 1,000 நஷ்டம் |
| 70:30 பங்கு | 1,200 நஷ்டம் | 11,400 |
| விற்பனை உத்தரவாதம் | 4,000 நஷ்டம் | 24,000 |

வாடகை வழி, 140 பேர் வந்தாலும் கையைக் கடிக்கிறது. அதை விட்டுவிடலாம்.

பங்கு வழியில் சிக்கல் ஒரு சொல்லில் இருக்கிறது. 70 சதவீதம் மொத்த வசூலிலா, சவுண்ட் செலவு போக மிச்சத்திலா? மேலே இருப்பது மொத்த வசூல் கணக்கு. செலவு போக மிச்சம் என்றால் அதே 80 பேருக்கு நஷ்டம் மறைந்து 4,200 கையில் நிற்கும். ஆனால் மாணவர்கள் செலவை ஏற்றிக் காட்டுவார்களோ என்று இடத்துக்காரர் யோசிப்பார், அது நியாயமும்கூட. சவுண்ட்காரர் கொடுத்த கொட்டேஷனை மெயிலிலேயே இணைத்துவிட்டால் அந்தப் பேச்சு எழாது.

எனக்குப் பிடித்தது உத்தரவாதம்தான், ஆனால் 30,000-க்கு அல்ல. 250 ரூபாய் வீதம் அதை எட்ட 120 பேர் வேண்டும். கூட்டம் 88-க்குக் கீழே போனால் பங்கு வழியே மேல். எனவே தொகையை இறக்க வேண்டும், அதற்குச் சனிக்கிழமை கேட்கக் கூடாது. சனிக்கிழமை அவர்களுக்கு எப்படியும் கூட்டம் வரும். செவ்வாய்க்கிழமை இரவு காற்று வாங்கும் கடையில் 20,000 விற்பனை என்றால் காதில் விழும். அந்தத் தொகையில் 80 பேர் வந்தாலே உத்தரவாதம் நிறைவேறி, நன்கொடைக்கு 6,000 மிஞ்சும்.

பாரில் மட்டும் இந்த வழி வேண்டாம். அங்கே குறைந்தபட்ச விற்பனையை மதுவை நம்பித்தான் போடுவார்கள். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது கொடுக்கக் கூடாது. இரண்டாம் வருடப் பையன்கள் ஆளுக்கொரு லைம் சோடாவோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் அந்த 250 எங்கிருந்து வரும்?

சரி, மெயிலின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"மேடம், செவ்வாய் மாலை 7 முதல் 9.45 வரை உங்கள் மாடி ஹாலைக் கேட்கிறோம். உணவு விற்பனை 20,000 ரூபாய்க்கு நாங்கள் பொறுப்பு. குறைந்தால் வித்தியாசத்தை அன்றிரவே எங்கள் குழு நிதியிலிருந்து தருவோம், நன்கொடைப் பணத்தில் கை வைக்க மாட்டோம். டிரம்ஸ் மாலை 3.30-க்கு, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு ஏறும். சவுண்ட் செக் 4 முதல் 5.30 வரை. டிக்கெட் எண்ணிக்கையை உங்கள் ஆளும் எங்கள் பொருளாளரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடலாம்."

9.45 சும்மா போட்டதல்ல. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி இரவு 10-க்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு என்றாலும், ஜன்னல் வைத்த மாடி ஹாலில் அதை நம்பி பேஸ் டிரம் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் போன் எடுப்பார்.

அப்புறம் உரிமம். அமெச்சூர் குழு, பணம் கொடுக்காத பார்வையாளர் முன் வாசித்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. 300 ரூபாய் டிக்கெட் போட்டதும் அது போய்விடும். மத நிறுவனத்துக்காக நடத்தினால் ஒழிய, பணம் முழுதும் நன்கொடைக்கே என்பது அங்கே கைகொடுக்காது. மற்றவர் பாடல்களை வாசிக்க, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் உரிமம் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பிடம் உரிமம் யார் எடுப்பது என்று மெயிலிலேயே ஒரு வரி எழுதுங்கள். 'எங்களிடம் மியூசிக் லைசென்ஸ் இருக்கிறது' என்று கடைக்காரர் சொன்னால், அது பின்னணியில் ரெக்கார்டு ஓடவிட எடுத்ததா, மேடை நிகழ்ச்சிக்கும் சேர்த்தா என்று நகலை வாங்கிப் பாருங்கள். பின்னணிக்கு மட்டும் என்றால், கட்டணத்தை 18,000-க்குப் பக்கத்தில் எழுதி அந்த 6,000-ஐ மறுபடி கணக்குப் பார்த்த பிறகு மெயிலை அனுப்பலாம்.