ஆர்டரை சப்ளையருக்குத் தானாக அனுப்பிவிட்டு மார்ஜினைத் துரத்துவது: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

கோவையில் இருந்து ஒரு சின்ன ஆன்லைன் கடை நடத்துகிறேன். பெட்ஷீட், தலையணை உறை, துண்டு. சரக்கு எதுவும் என்னிடம் கிடையாது. கரூரில் இருக்கும் சப்ளையரின் குடோனில் இருந்தே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விடும். கடை ஓடுவது வேர்ட்பிரஸின் கடைச் செருகுநிரலான வூகாமர்ஸில். ஆர்டர் வந்ததும், கடை தானாகத் தகவல் தள்ளும் வெப்ஹூக் வழியாக அது ஒரு கூகுள் ஷீட்டுக்குப் போகும், ஷீட்டில் இருக்கும் ஸ்கிரிப்ட் வரிசையைச் சேர்த்து சப்ளையருக்கு மெயில் தட்டிவிடும், குடோனில் லேபிளை ஒட்டி அனுப்பிவிட்டு டிராக்கிங் எண்ணை அதே ஷீட்டில் போடுவார்கள், அந்த எண் திரும்பக் கடைக்கு வந்து வாடிக்கையாளருக்குப் போகும். மாதச் சந்தா கட்டும் ஆப் எதுவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படித்தான் ஓடுகிறது. அனுப்புகிற வேலை ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் விஷயம், மார்ஜின் கணக்குதான் மாதக்கணக்கில் இழுத்தது.

முதலில் அனுப்புவது. வெப்ஹூக்கில் `order.created` என்பதைத் தேர்ந்தெடுத்தால் வாடிக்கையாளர் பணம் கட்டும் முன்பே தகவல் போய்விடும், பாதியில் விட்டுப்போன ஆர்டரெல்லாம் சப்ளையர் தலையில் விழும். அதனால் `order.updated` வைத்து, ஸ்கிரிப்டில் ஆர்டரின் நிலை Processing ஆக இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஆனால் இது ஆர்டரில் ஒரு போன் நம்பரைத் திருத்தினாலும் மறுபடி தகவல் அனுப்பும். அந்த ஆர்டர் எண் ஷீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்காமல் வரிசை சேர்த்தால் ஒரே பெட்ஷீட் இரண்டு முறை போகும். குடோனில் யாரும் "இதே பேருக்கு நேத்தே அனுப்பினோமே" என்று நிறுத்தி யோசிக்க மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை. இரண்டு தகவல் ஒரே நொடியில் வந்தால் இந்தச் சோதனையும் ஏமாறும் என்பதால் `LockService` போட்டு ஒன்று முடிந்த பிறகே அடுத்ததை விட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் உண்மையிலேயே ஆபத்தானது சத்தமில்லாமல் நின்றுபோவதுதான். வூகாமர்ஸ் ஒரு வெப்ஹூக் தொடர்ந்து ஐந்து முறைக்கு மேல் தோற்றுப்போனால் அதைத் தானாகவே Disabled ஆக்கிவிடும். கடையில் ஆர்டர் வழக்கம்போல வந்துகொண்டே இருக்கும், பணமும் ஏறும், சப்ளையருக்கு மட்டும் ஒன்றும் போகாது. எனக்கு இது தெரிந்ததே குடோன் அண்ணன் போன் செய்து "ஏன் தம்பி, ரெண்டு நாளா ஒண்ணுமே வரலை, யாவாரம் டல்லா?" என்று கேட்ட பிறகுதான். இப்போது ஸ்கிரிப்ட் தினமும் காலை எட்டு மணிக்குக் கடையின் REST API-யில் Processing நிலையில் உள்ள ஆர்டர்களை எடுத்து ஷீட்டோடு ஒப்பிட்டு, விட்டுப்போனது இருந்தால் எனக்கு மெயில் அனுப்புகிறது. வெப்ஹூக்கை நம்புங்கள், ஆனால் இந்த ஒப்பீடு இல்லாமல் நம்பாதீர்கள்.

இன்னொன்று, வெப்ஹூக் உடனே போவதில்லை. அது ஒரு வரிசையில் காத்திருக்கும், அந்த வரிசையை நகர்த்துவது வேர்ட்பிரஸின் நேர வேலைகளைப் பார்க்கும் WP-Cron. WP-Cron-க்குத் தள்ளிவிட ஆள் வேண்டும், அதாவது யாராவது தளத்துக்கு வந்தால்தான் அது ஓடும். கூட்டம் குறைவான கடையில் ராத்திரி பதினொன்றுக்கு வந்த ஆர்டர் காலையில்தான் கிளம்பும். `wp-config.php`-யில் அதை அணைத்துவிட்டு, ஹோஸ்டிங் பேனலில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை தானாக ஓடும் நிஜமான கிரான் ஒன்றை வைத்ததும் இந்தத் தொல்லை போயிற்று:

```
define( 'DISABLE_WP_CRON', true );

*/5 * * * * wget -q -O /dev/null "https://example.com/wp-cron.php?doing_wp_cron"
```

முதல் வரி கோப்புக்கு, இரண்டாவது கிரான் பகுதிக்கு. பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை: வூகாமர்ஸ் தன் கையொப்பத்தை ஹெடரில் அனுப்பும், ஆனால் ஷீட்டின் ஸ்கிரிப்ட் ஓடும் ஆப்ஸ் ஸ்கிரிப்டால் வரும் ஹெடரைப் படிக்க முடியாது. அதனால் வெப்ஹூக் முகவரியின் கடைசியில் ஒரு நீளமான ரகசியச் சொல்லைச் சேர்த்து அதைச் சரிபார்க்கிறேன். பிரமாதமான பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன், என் அளவுக்குப் போதும்.

சரி, மார்ஜினுக்கு வருவோம். ஒரு டபுள் பெட்ஷீட், இரண்டு உறையோடு, 1,299 ரூபாய், டெலிவரி இலவசம் என்று விற்கிறேன். சப்ளையர் விலை 780, ஜிஎஸ்டி தனி. கேட்பவர்கள் எல்லாரும் உடனே 519 ரூபாய் லாபமா என்பார்கள். இல்லை. 1,299-க்குள் 5 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது, அதை எடுத்தால் 1,237. சப்ளையரின் 780 போக 457. பணம் வாங்கித் தரும் கேட்வே 2 சதவீதம், அது 26. கூரியர் 110, பாலித்தீன் கவரும் அட்டையும் 20. மிச்சம் 301. சப்ளையர், கூரியர், கேட்வே மூவரும் போடும் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைப்பதால் அதைச் செலவில் சேர்க்கவில்லை, ஆனால் சப்ளையர் ரிட்டர்ன் தாக்கல் செய்து அது ஜிஎஸ்டி தளத்தில் என் GSTR-2B பட்டியலில் தெரிந்தால்தான் கிடைக்கும். தாமதமாகத் தாக்கல் செய்யும் சப்ளையர் என்றால் 780-க்கான அந்த 39 ரூபாய் வரியும் கொஞ்ச நாள் உங்கள் கைப்பணம்தான்.

அந்த 301-ல் விளம்பரச் செலவு இன்னும் கழியவில்லை. பண்டிகைக்கு 10 சதவீத கூப்பன் விட்டால் ஜிஎஸ்டி போக 124 ரூபாய் குறையும். விற்பனை விலையில் பத்து சதவீதம் என்று சொல்லும்போது சின்னதாகத் தெரிவது மார்ஜினில் நாற்பது சதவீதத்தைத் தின்கிறது. இதை ஒவ்வொரு வரிசையிலும் கண்ணால் பார்க்கும்போதுதான் கூப்பன் விடும் ஆசை கொஞ்சம் அடங்குகிறது.

ஷீட்டில் இந்தக் கணக்கு சாதாரண சூத்திரம்தான். சூட்சுமம் அடக்கவிலை எப்படி வந்து உட்காருகிறது என்பதில் இருக்கிறது. விலைப்பட்டியலை ஒரு தாளில் வைத்து ஆர்டர் தாளில் `VLOOKUP` போட்டால் பார்க்க அழகாக இருக்கும். நூல் விலை ஏறி சப்ளையர் 780-ஐ 810 ஆக்குவார், நீங்கள் பட்டியலில் ஒரே ஒரு இடத்தில் மாற்றுவீர்கள், போன மாதம் முடிந்துபோன ஆர்டர்களின் மார்ஜினும் சேர்ந்து மாறிவிடும். அதனால் ஆர்டர் சப்ளையருக்குப் போகும் நொடியில் ஸ்கிரிப்ட் அன்றைய விலையை வெறும் எண்ணாக எழுதிவிட வேண்டும், சூத்திரமாக அல்ல. வூகாமர்ஸிலேயே இப்போது அடக்கவிலை வசதி வந்துவிட்டது, Settings, Advanced, Features பகுதியில் Cost of Goods Sold என்று இருக்கும். பொருளின் விலையை அது ஆர்டரோடு சேர்த்து வைக்கும், ஆனால் கூரியர், கேட்வே, திரும்பி வந்த பார்சல் எதுவும் அதற்குத் தெரியாது. அதனால் நான் ஷீட்டை விடவில்லை.

எழுதி வைத்த அந்த எண்தான் மாதக் கடைசியில் ஆயுதம். சப்ளையர் பில்லில் என் ஆர்டர் எண்ணைக் குறிப்பாகப் போடச் சொல்லியிருக்கிறேன், வரிக்கு வரி ஒப்பிட முடியும். 18-ம் தேதி வாட்ஸ்அப்பில் விலை ஏற்றம் சொன்னவர், 12-ம் தேதி ஆர்டருக்கும் புது விலை போட்டிருப்பது சகஜம். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, அவருடைய பில்லிங் மென்பொருளில் இருப்பது ஒரே விலை. "ஆர்டர் போன தேதி விலைதான் செல்லும்" என்று தொடக்கத்திலேயே எழுத்தில் பேசி வைத்திருப்பதால் கிரெடிட் நோட் வந்துவிடுகிறது. ஜிஎஸ்டியில் இன்னொரு விஷயம்: பார்சல் பெங்களூரு போனாலும் சப்ளையர் பில் போடுவது எனக்கு, நானும் தமிழ்நாடு. அதனால் அவர் பில்லில் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும், நான் வாடிக்கையாளருக்குப் போடுவதில் ஐஜிஎஸ்டி. சரக்கு போகும் ஊரைப் பார்த்து அவர் எனக்கு ஐஜிஎஸ்டி போட்டால் பில்லைத் திருப்பி அனுப்புங்கள்.

கூரியர் என் கணக்கில், பிக்கப் முகவரி மட்டும் கரூர் குடோன். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பெட்ஷீட் எடை 1.1 கிலோ, கவரில் போட்டால் 35, 28, 6 சென்டிமீட்டர், பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் கூரியர் பார்க்கும் அளவு எடை 1.18 கிலோ, இரண்டில் அதிகமானதுதான் கணக்கு, ஆக ஒன்றரை கிலோ கட்டணம். குடோனில் கவர் தீர்ந்துபோய் 40, 30, 8 அளவு அட்டைப்பெட்டியில் போட்டால் 1.92, இரண்டு கிலோ கட்டணம். என் கணக்கில் 110 இருந்த இடத்தில் 145 பிடிப்பார்கள், அதுவும் சில நாள் கழித்து எடை வித்தியாசம் என்ற பெயரில். கூரியர் அறிக்கையை வாரம் ஒரு முறை இறக்கி, ஷீட்டில் எதிர்பார்த்த கட்டணத்துக்குப் பக்கத்தில் உண்மைக் கட்டணத்தைப் போடுகிறேன். வித்தியாசம் வரிசையாக வந்தால் கவர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஒரு கட்டு கவர் அனுப்பி வைப்பேன். கவர் வாங்கித் தருவது எனக்குத்தான் மலிவு.

கடைசியாக சிஓடி, அதாவது பார்சல் கைக்கு வரும்போது பணம். வூகாமர்ஸில் சிஓடி ஆர்டர் ஒரு பைசா வராமலே நேராக Processing-க்குப் போய்விடும், தானியங்கியும் அப்பாவியாக அனுப்பிவிடும். வாடிக்கையாளர் வாங்க மறுத்தால் போக 110, வர 110, கவர் 20, திரும்பிய சரக்கைப் பிரித்து அடுக்க சப்ளையர் எடுப்பது 30, மொத்தம் 270 நஷ்டம். சிஓடி கட்டணம் 40 போய், கேட்வே 26 மிச்சமாகி, நல்லபடியாகச் சேர்ந்த சிஓடி ஆர்டருக்கு 287 கிடைக்கும். ஐந்தில் ஒன்று திரும்பினால் நான்கின் 1,148-ல் 270 போக 878, ஆர்டருக்கு 176 ரூபாய்கூட முழுசாகத் தேறாது. விளம்பரத்துக்கு அதற்கு மேல் செலவழித்தால் கைக்காசுதான். அதனால் `payment_method` என்பது `cod` ஆக இருந்தால் ஸ்கிரிப்ட் அதைத் தனித் தாளில் நிறுத்தி வைக்கும். வாட்ஸ்அப்பில் முகவரியும் தொகையும் போகும், வாடிக்கையாளர் பதில் போட்ட பிறகு நான் ஒரு பெட்டியை டிக் செய்தால்தான் கரூருக்குப் போகும். முழுத் தானியங்கி என்று பெருமையடித்துக்கொள்ள முடியாது, ஆனால் இந்த ஒரு டிக்கை மட்டும் எடுக்கப்போவதில்லை.

இன்னும் தீராதது ஸ்டாக். அதே பெட்ஷீட்டை என்னைப்போல இன்னும் பல பேருக்கு அவர் கொடுக்கிறார், அவருடைய கையிருப்பு பாதி அவர் தலைக்குள் இருக்கிறது. காலையில் ஒரு முறை ஷீட்டில் எண் போடுகிறார், மூன்றுக்குக் கீழே போனால் கடையில் தீர்ந்துவிட்டது என்று காட்டச் சொல்லியிருக்கிறேன். அப்படியும் தீபாவளி நேரத்தில் மெரூன் நிறம் மத்தியானமே முடிந்துபோகும், சாயங்காலம் வந்த ஆர்டர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். திருப்பித் தரும்போது கேட்வே பிடித்த 26 ரூபாய் எனக்குத் திரும்ப வருவதில்லை, அதற்கும் ஷீட்டில் ஒரு பத்தி வைத்திருக்கிறேன்.